உங்கள் கணக்கு சரி, பகா எண்கள்தான் சரியில்லை: சின்ன எண்களில் ஆர்எஸ்ஏ

கேள்வி: வகுப்பில் p = 7, q = 13 என்ற பகா எண்களும் பொதுச் சாவி e = 5-உம் கொடுத்து ஆர்எஸ்ஏ மறையாக்கம் போடச் சொன்னார்கள். எனக்குத் தனிச் சாவி d = 29 வந்தது. 10 என்ற செய்தியை மறைத்தால் 82. ஆனால் 82-ஐ 29-ஆம் அடுக்குக்கு உயர்த்துவதற்குப் பதிலாகக் கைதவறி மறுபடியும் 5-ஆம் அடுக்குக்கே உயர்த்திவிட்டேன். அப்படியும் 10 திரும்பி வந்துவிட்டது! பொதுச் சாவியாலேயே திறக்க முடியும் என்றால் தனிச் சாவி எதற்கு? எங்கே தப்பு செய்தேன்? முதலில் இருந்து சின்ன எண்களை வைத்தே விளக்க முடியுமா?

பதில்:

நீங்கள் எங்கேயும் தப்பு செய்யவில்லை. d = 29 சரி, 82 சரி, 82-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 10 வருவதும் சரி. கோளாறு கொடுக்கப்பட்ட பகா எண்களில் இருக்கிறது. 7, 13 இரண்டையும் வைத்துக்கொண்டால் e-க்கு 5 என்றில்லை, விதிப்படி எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இதேதான் நடக்கும். அது ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கோளாறு இல்லாத ஒரு ஜோடியை எடுத்து முழுக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுவோம். பிறகு உங்கள் 7 × 13 = 91-க்குத் திரும்பி வரலாம்.

சாவி உருவாக்கம்

p = 11, q = 23 என்று வைத்துக்கொள்கிறேன். பெருக்கினால் n = 253. செய்தி, மறைசெய்தி எல்லாமே 0 முதல் 252 வரை உள்ள எண்கள்தான். எந்தப் பெருக்கலுக்குப் பிறகும் 253-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடுத்து φ = (p − 1)(q − 1) = 10 × 22 = 220. இது வெளியே யாருக்கும் தெரியக் கூடாத எண். n தெரிந்த ஒருவருக்கு φ-யும் தெரிந்துவிட்டால் p, q இரண்டையும் ஒரு இருபடிச் சமன்பாட்டில் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது e. இதற்கு ஒரே நிபந்தனை, 220-உடன் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 220 = 2 × 2 × 5 × 11 என்பதால் இரட்டை எண், 5-இன் மடங்கு, 11-இன் மடங்கு மூன்றும் கூடாது. இந்த நிபந்தனை எதற்கு என்று பல புத்தகங்கள் சொல்வதில்லை. மீறிப் பார்த்தால் புரியும். e = 5 என்று வைத்துப் பாருங்கள். செய்தி 1 என்றால் 1-இன் ஐந்தாம் அடுக்கு 1. செய்தி 70 என்றால்:

```
70^2 = 4900 → 93
70^4 : 93^2 = 8649 → 47
70^5 : 47 × 70 = 3290 → 1
```

அதுவும் 1! இரண்டு வெவ்வேறு செய்திகள் ஒரே மறைசெய்தியாக மாறிவிட்டன. பெறுபவர் கையில் 1 வந்து சேர்ந்தால் அனுப்பியது 1-ஆ 70-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் உடைந்துவிட்டால் திறக்கும் சாவி என்ற ஒன்றே இருக்க முடியாது. d கிடைக்காமல் போவதன் பொருள் இதுதான்.

நான் e = 17 எடுக்கிறேன். காரணம் உண்டு. 17 = 16 + 1, அதாவது இரும எண்ணாக எழுதினால் 10001. நான்கு முறை வர்க்கப்படுத்தி ஒரு முறை பெருக்கினால் வேலை முடிந்தது. நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்தும் 65537-உம் இதே குடும்பம்தான், 2-இன் 16-ஆம் அடுக்கோடு ஒன்று. அதற்குப் பதினாறு வர்க்கமும் ஒரு பெருக்கலும் போதும்.

d என்பது 17 × d-ஐ 220-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண். சின்ன எண்கள்தானே என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிட, பள்ளியில் மீ.பெ.கா காணப் படித்த யூக்ளிடின் வகுத்தலையே செய்துவிட்டு அதைப் பின்னோக்கிப் படியுங்கள்.

```
220 = 12 × 17 + 16
 17 =  1 × 16 + 1
```

கடைசி வரியில் இருந்து 1 = 17 − 16. முதல் வரியில் இருந்து 16 = 220 − 12 × 17. அதை உள்ளே போட்டால் 1 = 17 − 220 + 12 × 17 = 13 × 17 − 220. ஆகவே d = 13. சரிபார்ப்பு: 13 × 17 = 221, அதாவது 220 + 1.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது குறை எண்ணில். e = 3 என்று எடுத்திருந்தால் 220 = 73 × 3 + 1 என்று ஒரே படியில் முடியும், 1 = 220 − 73 × 3 என்று வரும். d = −73. அடையாளத்தைக் கவனிக்காமல் 73 என்று எழுதினால் எதுவும் திறக்காது. 220-ஐக் கூட்டி 147 என்று எழுத வேண்டும் (3 × 147 = 441 = 2 × 220 + 1). d கிடைத்ததும் e-யோடு பெருக்கி மீதி 1 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆக, ஊருக்கெல்லாம் கொடுக்கும் பொதுச் சாவி (253, 17). நாம் மட்டும் வைத்துக்கொள்ளும் தனிச் சாவி 13.

மறைத்தல்

அனுப்ப வேண்டியது 'அ' என்ற ஒற்றை எழுத்து என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் அதன் எண் 2949. அதை அப்படியே போட முடியாது. செய்தி n-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 2949-ஐ 253-ஆல் வகுத்தால் மீதி 166. நீங்கள் 2949-ஐ மறைத்து அனுப்பினால் மறுமுனையில் திறப்பவருக்கு 166-தான் கிடைக்கும். கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது, பதில் மட்டும் வேறாக வரும். விடை வித்தியாசமாக வந்து, அது எதிர்பார்த்த எண்ணிலிருந்து சரியாக n-இன் மடங்கு அளவுக்குத் தள்ளி இருந்தால், இதுதான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் எழுத்தை பைட்டுகளாக உடைக்கிறோம். கோப்புகளிலும் வலையிலும் தமிழ் சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகள்: 224, 174, 133. மூன்றும் 253-க்குக் கீழ். சொல்லப்போனால் யூடிஎஃப்-8-இல் 244-க்கு மேல் பைட்டே வராது, ஆகவே 253 எந்த உரைக்கும் போதும். உங்கள் 91-இல் இந்த மூன்றில் ஒன்றைக்கூட வைக்க முடியாது.

முதல் பைட்டு 224. அதை 17-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 253-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். அந்த முழு எண்ணை எழுதினால் நாற்பது இலக்கம். எழுத வேண்டியதில்லை. கையால் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 224 என்பதும் 224 − 253 = −29 என்பதும் இங்கே ஒன்றுதான். −29-ஐ வைத்துப் பெருக்குவது எளிது.

```
224^2  : (−29)^2 = 841         → 82
224^4  : 82^2    = 6724        → 146
224^8  : 146^2   = 21316       → 64
224^16 : 64^2    = 4096        → 48
224^17 : 48 × (−29) = −1392    → 126
```

கடைசி வரியில் −1392 + 6 × 253 = 126. ஒவ்வொரு படியிலும் உடனே மீதி எடுத்துவிடுவதால் எந்த இடத்திலும் எண் ஐந்து இலக்கத்தைத் தாண்டாது. கால்குலேட்டரில் நேராக 224^17 என்று அடித்துப் பார்ப்பவர்களுக்குத் தப்பான விடை வருவதற்குக் காரணம், அது பத்துப் பதினைந்து இலக்கத்தோடு துல்லியத்தை விட்டுவிடுவதுதான். அதன் பிறகு எடுக்கும் மீதிக்குப் பொருளே இல்லை.

இதே மாதிரி 174 → 213, 133 → 100. ஆக 'அ' என்ற எழுத்து 126, 213, 100 என்று போகிறது.

திறத்தல்

126 வந்து சேர்ந்தது. தனிச் சாவி 13 = 8 + 4 + 1. ஆகவே 2, 4, 8-ஆம் அடுக்குகள் போதும்.

```
126^2 = 15876           → 190
126^4 : (−63)^2 = 3969  → 174
126^8 : (−79)^2 = 6241  → 169

169 × 174 = 29406       → 58
58 × 126  = 7308        → 224
```

224 திரும்பிவிட்டது. பைத்தானில் மூன்று வரியில் சரிபார்க்கலாம் (d காணும் வரிக்கு 3.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்):

```
>>> pow(17, -1, 220)
13
>>> pow(224, 17, 253)
126
>>> pow(126, 13, 253)
224
```

ஆர்எஸ்ஏ-வை வெளியிட்ட ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவருமே 1978-இல் வந்த தங்கள் கட்டுரையில் இப்படி ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது p = 47, q = 59, n = 2773. அதிலும் e = 17-தான் வருகிறது. d = 157 என்று முதலில் வைத்துக்கொண்டு அதில் இருந்து e-ஐக் கண்டார்கள். ஆங்கில எழுத்துகளுக்கு 01 முதல் 26 வரை எண் கொடுத்து, இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்தார்கள். இரண்டு எழுத்துக்கு அதிகபட்சம் 2626, அது 2773-க்குள் அடங்கும். அவர்களுடைய முதல் தொகுதி 0920, மறைத்தால் 0948. கைப்பழக்கத்துக்கு அதையும் போட்டுப் பாருங்கள்.

ஏன் திரும்பி வருகிறது

உங்கள் கேள்விக்கான விடை இந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. மறைத்து, பிறகு திறப்பது என்றால் செய்தி M-ஐ மொத்தம் 17 × 13 = 221-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறோம். அது ஏன் M-ஆகவே வந்து நிற்கிறது?

253-ஐ மறந்துவிட்டு முதலில் 11-ஐ மட்டும் பாருங்கள். 11-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தி 11-ஆல் வகுத்தால் மீதி 1. இது பகா எண்களுக்கே உரிய பண்பு, ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்பார்கள். 221 = 22 × 10 + 1 என்பதால், அந்த 220 அடுக்குகளும் 1-ஆகச் சுருங்கிவிட, ஒரே ஒரு M மிஞ்சுகிறது. M 11-ஆல் வகுபடும் எண் என்றால் இரண்டு பக்கமும் மீதி 0, அப்போதும் சமம்தான். அடுத்து 23. அங்கே 22-ஆம் அடுக்கு 1 தரும். 221 = 10 × 22 + 1. அங்கேயும் ஒரு M மிஞ்சுகிறது. M-இன் 221-ஆம் அடுக்குக்கும் M-க்கும் உள்ள வித்தியாசம் 11-ஆலும் வகுபடும், 23-ஆலும் வகுபடும். இரண்டும் வெவ்வேறு பகா எண்கள், ஆகவே 253-ஆலும் வகுபடும். நிரூபணம் முடிந்தது. (செய்திக்கும் n-க்கும் பொதுக் காரணி இருந்தால் ஆர்எஸ்ஏ வேலை செய்யாது என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். மேலே பார்த்தபடி, அது உண்மையில்லை.)

இப்போது நிரூபணத்தை இன்னொரு முறை வாசியுங்கள். அதில் 220 எங்கே தேவைப்பட்டது? உண்மையில் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டதெல்லாம் ed − 1 என்ற எண் 10-ஆலும் வகுபட வேண்டும், 22-ஆலும் வகுபட வேண்டும் என்பதுதான். அதற்கு 10 × 22 வேண்டியதில்லை. 10, 22 இரண்டின் மீ.சி.ம போதும், அது 110. இதை λ என்று எழுதுவார்கள். 1978 கட்டுரையில் φ வந்தது, பாடப் புத்தகங்களும் அதையே பிடித்துக்கொண்டன. இன்றைய பிகேசிஎஸ் தரநிலையில் d-க்கான விதி λ-வை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. φ-ஐ வைத்துக் கண்ட d தப்பில்லை, வேலை செய்யும். ஆனால் அடுக்குகளின் உலகத்தில் உண்மையான சுற்று λ அளவுதான். λ-இன் மடங்கு வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு அடுக்குகள் ஒரே சாவிதான்.

உங்கள் 91

p − 1 = 6, q − 1 = 12. φ = 72 என்று எடுத்தீர்கள், d = 29 வந்தது. ஆனால் 6, 12 இரண்டின் மீ.சி.ம வெறும் 12. 12-இன் சுற்றில் 29 எங்கே நிற்கிறது? 29 − 24 = 5. உங்கள் e-யும் 5. நீங்கள் 29 என்று கண்டுபிடித்த தனிச் சாவி, பொதுச் சாவியேதான், வேறு வேஷத்தில். கை தவறியதாக நினைத்தீர்களே, அது தவறவே இல்லை.

e-ஐ மாற்றினால் தப்பிக்கலாமா? 12-உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் 12-க்குள் நான்கே நான்கு: 1, 5, 7, 11. அவற்றின் வர்க்கங்கள் 1, 25, 49, 121. நான்கையும் 12-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி எல்லாவற்றுக்கும் 1. எதை e-ஆக எடுத்தாலும் அதற்கு அதுவே d. இரண்டு முறை மறைத்தால் திறந்துகொள்ளும்.

இந்த நோய் எந்தெந்தப் பகா எண்களுக்கு வரும் என்பதையும் சொல்லிவிடலாம். λ என்பது 24-ஐ வகுக்கும் எண்ணாக இருந்தால் அதனுடன் பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களும் தம்மைத்தாமே திறக்கும். p − 1 என்பது 24-ஐ வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண்கள் 3, 5, 7, 13 மட்டுமே. ஆக இந்த நான்கில் எந்த இரண்டை எடுத்தாலும் (15, 21, 35, 39, 65, 91) கணக்கு இப்படித்தான் முடியும். கரும்பலகையில் சின்னதாக இரண்டு பகா எண் வேண்டும் என்றதும் ஆசிரியர் கை போவது பெரும்பாலும் இந்த நான்கின் மேல்தான். அதனால் உங்கள் குழப்பம் நிறையப் பேருக்கு வந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் d-ஐ மட்டும் போட்டுப் பார்த்து விடை வந்ததும் திருப்தியாகிவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

5-ஐயும் 11-ஐயும் எடுத்தால்கூடப் பரவாயில்லை. λ = 20, e = 3 என்றால் d = 7. இரண்டும் வேறு வேறு.

என் 253 மட்டும் யோக்கியமா?

கொஞ்சம்தான். λ = 110-இன் சுற்றிலும் தன்னைத் தானே திறக்கும் எண்கள் இருக்கின்றன. 21 × 21 = 441 = 4 × 110 + 1, ஆகவே e = 21 எடுத்திருந்தால் நானும் உங்கள் நிலைமைக்கு வந்திருப்பேன். 89, 109 இரண்டும் அப்படியே. இதைவிட வேடிக்கையானது e = 111. 220-உடன் அதற்குப் பொதுக் காரணி கிடையாது, புத்தக விதிப்படி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் 111 = 110 + 1. எந்தச் செய்தியை உயர்த்தினாலும் அதே செய்தி அப்படியே வெளியே வரும், எதுவும் மறையாது.

e = 17-இலும் ஒரு சங்கதி இருக்கிறது. 45 என்ற செய்தியை மறைத்துப் பாருங்கள், 45-தான் வரும். ஆஸ்கியில் 45 என்பது சிறுகோடு, அது மறையாமலே போகும். ஒற்றைப்படை e எதை எடுத்தாலும் குறைந்தது ஒன்பது செய்திகள் இப்படி மாறாமல் இருந்தே தீரும். இங்கே அவை 0, 1, 22, 23, 45, 208, 230, 231, 252. 253-இல் ஒன்பது என்பது கண்ணில் குத்துகிறது. 617 இலக்க n-இலும் குறைந்தபட்சம் அதே ஒன்பதுதான் என்பதால் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கும், இரண்டாவது முறையில் நடக்காது, அவ்வளவுதான். 224-ஐப் பொதுச் சாவியால் மறைத்தால் 126. அதையும் மறைத்தால் 14. அதையும் மறைத்தால் 20. இப்படியே போய்க்கொண்டிருங்கள்:

```
c = 224
for i in range(20):
    c = pow(c, 17, 253)
    print(c)
```

இருபதாவது வரியில் 224 வந்து நிற்கும். 17-ஐ 110-இன் சுற்றில் திரும்பத் திரும்பப் பெருக்கினால் இருபதாவது அடுக்கில் 1 ஆகிறது, அதனால் இந்த இருபது. அதாவது 126-ஐ வழியில் பிடித்த ஒருவர், தனிச் சாவி தெரியாமலே, பொதுச் சாவியால் இன்னும் 19 முறை மறைத்தால் போதும், செய்தி அவர் கையில். உங்கள் 91-இல் இந்தச் சுற்றின் நீளம் 2, என்னுடையதில் 20. இதைச் சிம்மன்ஸ், நாரிஸ் இருவரும் 1977-லேயே சுட்டிக்காட்டினார்கள். சுழற்சித் தாக்குதல் என்று இதைச் சொல்லலாம்.

நிஜமான சாவியில் இது பலிக்குமா என்பதைப் பெரிய கணிதம் இல்லாமலே பார்த்துவிடலாம். 2048 பிட் சாவியில் p, q ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்கு மேல். λ என்பது p − 1-இன் மடங்கு, ஆகவே அதுவும் குறைந்தது அவ்வளவு பெரியது. e = 65537. இரண்டு முறை மறைத்தால் திறந்துகொள்ள வேண்டும் என்றால் e-இன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தது λ-ஆல் வகுபட வேண்டும். 65537-இன் வர்க்கம் 4295098369, வெறும் பத்து இலக்கம். முந்நூறு இலக்க எண் ஒன்று பத்து இலக்க எண்ணை மீதியின்றி வகுக்க வழியே இல்லை. உங்களுக்கு நடந்த விபத்து அங்கே நடக்கவே முடியாது. நீண்ட சுற்றுகளைப் பொறுத்தவரை அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பகா எண்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சுற்று அவ்வளவு நீளமாக இருக்கும், அதில் நடந்து முடிப்பதைவிட n-ஐக் காரணிப்படுத்துவதே மேல்.

253-ஐக் காரணிப்படுத்த 2, 3, 5, 7, 11 என்று ஐந்து முறை வகுத்தால் போதும். வெளியரங்கமாகக் காரணிப்படுத்திக் காட்டிய சவால் எண்களில் ஆர்எஸ்ஏ-250 என்பது 829 பிட், 250 இலக்கம், 2020-இல் உடைந்தது. 2048 பிட் அதிலிருந்து வெகு தூரம்.

கடைசியாக அந்த 'அ'

சாவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தீராத ஒரு ஓட்டை மேலே உள்ள கணக்கில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் இதை வைத்து நிரல் எழுதக் கிளம்பிவிடுவீர்கள். 'அ' 126, 213, 100 ஆனது. 'ஆ' என்ற எழுத்தின் பைட்டுகள் 224, 174, 134. முதல் இரண்டும் அதேதான். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 224-இல் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. ஆகவே நீங்கள் ஒரு பக்கத் தமிழ் உரையை இப்படிப் பைட்டு பைட்டாக மறைத்தால் 126, 213, ஏதோ ஒன்று, 126, 213, ஏதோ ஒன்று என்று மூன்றுக்கு ஒரு தடவை 126 தலைகாட்டிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாமலே அது தமிழ் என்று சொல்லிவிடலாம். மேலும், பொதுச் சாவி எல்லோரிடமும் இருக்கிறது. 0 முதல் 255 வரை அத்தனை பைட்டையும் மறைத்து ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால், n 253-ஆக இருந்தாலும் சரி, 617 இலக்கமாக இருந்தாலும் சரி, அட்டவணையைப் பார்த்தே முழு உரையையும் வாசித்துவிடலாம்.

அதனால்தான் நடைமுறையில் செய்தியை நேராக அடுக்குக்கு உயர்த்துவதில்லை. ஒரு தொகுதியில் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்த சீரற்ற பைட்டுகளைச் செய்தியோடு கலந்து நிரப்பி, அந்தக் கலவையை மறைக்கிறார்கள். ஓஏஈபி என்ற நிரப்புமுறை இதற்கானது. ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பினாலும் இரண்டு வேறு மறைசெய்திகள் வரும், அட்டவணை போடுகிறவருக்கு வேலை இல்லாமல் போகும். அதிலும்கூட உரை முழுவதையும் ஆர்எஸ்ஏ மறைப்பதில்லை. ஏஇஎஸ் மாதிரியான வேகமான முறைக்குரிய ஒரு சாவியை மட்டும், 16 அல்லது 32 பைட்டு, ஆர்எஸ்ஏ-வால் மறைத்து அனுப்பிவிட்டு, மீதி உரையை அந்தச் சாவியிடம் விட்டுவிடுவார்கள்.

கையால் பழக 11, 23, 17 எடுங்கள். 174 → 213, 133 → 100 இரண்டையும் நான் படி எழுதிக் காட்டவில்லை, நீங்கள் போட்டுப் பாருங்கள்.